ஒரு வாய் தயிர்சாதத்தின் பயணம்: கடுகுக் கதை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மும்பை மாட்டுங்காவில் எங்கள் கட்டடத்து மொட்டைமாடியில் ஞாயிறு காலையில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லித் தருகிறேன். எழுத்துப் பாடம் முடிந்ததும் ஒரு கதை உண்டு. அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பது கடுகுக் கதையைத்தான். ஏழு வயது மீனு மத்தியானம் ஒரு வாய் தயிர்சாதம் சாப்பிடுகிறாள். அதில் ஒட்டிக்கொண்டு ஒரு கடுகும் உள்ளே போகிறது. அந்தக் கடுகு தான் பார்த்ததையெல்லாம் நமக்குச் சொல்கிறது. கதை இவ்வளவுதான்.

இதை வீட்டில் சொல்லிப் பார்த்த பெற்றோரும், கேட்ட பிள்ளைகளும் என்னிடம் கேட்டவற்றை அவர்கள் கேட்டபடியே கீழே தந்திருக்கிறேன்.

சோறு பாதி வழியிலேயே கரைஞ்சு போயிடுமே. அப்புறம் கதையில யார் மிச்சம் இருப்பாங்க?

இந்தக் கதையின் முடிச்சே அதுதான். ஒரு சோற்றுப் பருக்கையைக் கதாநாயகனாக வைத்தால், சிறுகுடலில் அது சர்க்கரையாகி ரத்தத்துக்குள் போய்விடும். பெருங்குடலைப் பார்க்க அது இருக்காது. வாயில் போட்ட உருண்டை வடிவம் மாறாமல் கடைசிவரை உருண்டு போகிற மாதிரி சொன்னால் கேட்க நன்றாக இருக்கும், ஆனால் உண்மை இல்லை. செரிமானம் என்பதே அந்த உருண்டை உருண்டையாக இல்லாமல் போவதுதானே.

அதனால் செரிக்காத ஒருவர் கூடவே போக வேண்டும். கடுகின் மேல்தோல் பெரும்பாலும் நார்ப்பொருள். அதை உடைக்கும் நொதி மனித உடம்பில் சுரப்பதில்லை. தாளிக்கும்போது வெடித்த கடுகு என்றால் தோல் பிளந்திருக்கும், அதற்குள் செரிமான நீர் புகுந்துவிடும். எண்ணெயில் வெடிக்காமல் தப்பியது ஒன்றிரண்டு எப்போதும் இருக்கும். நம் கடுகு அந்த வகை. அது பல்லிலும் படாமல் தப்பினால் முழுசாகவே வெளியே வரும். ஒன்று ஒன்றரை மில்லிமீட்டர் அளவுதான் என்பதால் வழியில் எங்கேயும் மாட்டிக்கொள்ளாது.

கதையில் இப்படிச் சொல்வேன்: “வாணலியில் எல்லாரும் படபடவென்று வெடித்தார்கள். நான் மட்டும் ஒரு கறிவேப்பிலைக்கு அடியில் ஒதுங்கிக்கொண்டேன்.”

வடா பாவ் வெச்சு சொல்லலாமே ஆன்ட்டி? தயிர்சாதம் போர்!

தாராளமாகச் சொல்லலாம். வழி அதேதான். தயிர்சாதத்தில் எனக்கு ஒரு வசதி இருக்கிறது. சோற்றில் மாவுச்சத்து, தயிரில் புரதமும் கொழுப்பும், தாளிப்பில் செரிக்காத கடுகு. நாலு பயணிகள் ஒரே வாயில் கிடைத்துவிடுகிறார்கள். யார் எங்கே இறங்குகிறார்கள் என்று பிள்ளைகள் எளிதாக எண்ணிவிடலாம். வடா பாவில் என்னென்ன இருக்கிறது என்று பட்டியல் போடுவதற்குள் அவர்களுக்கே பசித்துவிடும்.

சும்மா சோத்தை மென்னுக்கிட்டே இருந்தா இனிக்குதே, அது ஏன்?

உன் உமிழ்நீர் வேலை செய்கிறது என்று அர்த்தம். காதுக்கு முன்னால், தாடைக்குக் கீழே, நாக்குக்கு அடியில் என்று மூன்று ஜோடி பெரிய உமிழ்நீர்ச் சுரப்பிகள் இருக்கின்றன. அந்த நீரில் அமிலேஸ் என்று ஒரு நொதி உண்டு. மாவுச்சத்து நீளமான மணிமாலை என்று வைத்துக்கொள். அமிலேஸ் அதைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டுகிறது. அந்தத் துண்டுகளில் பல மால்ட்டோஸ் என்னும் சர்க்கரை. அதுதான் இனிக்கிறது.

வகுப்பில் இதைச் செய்து பார்ப்போம். உப்புப் போடாத வெறும் சோறு ஒரு ஸ்பூன், விழுங்காமல் ஒரு நிமிடம் மெல்ல வேண்டும். பாதிப் பேர் முகத்தில் ஐம்பதாவது கடிக்குள் அது தெரிந்துவிடும். தயிர்சாதத்தில் இந்தச் சோதனை சரிவராது, புளிப்பு மறைத்துவிடும்.

சாப்பிடும்போது பேசினா புரையேறுது. யாரோ நினைக்கிறாங்கன்னு பாட்டி சொல்றாங்க. நிஜமாவா?

பாட்டி அன்பால் சொல்வது, அது அப்படியே இருக்கட்டும். உடம்புக்குள் நடப்பது வேறு.

தொண்டையில் இரண்டு குழாய்கள் தொடங்குகின்றன. முன்னால் இருப்பது மூச்சுக்குழாய். அதற்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டி இருப்பது உணவுக்குழாய். பல படங்களில் இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் போட்டுவிடுகிறார்கள். அது தவறு, முன்னும் பின்னுமாகத்தான் இருக்கின்றன. மூச்சுக்குழாய் எப்போதும் திறந்தே இருக்கும், உணவுக்குழாய் சாதாரணமாகச் சுருங்கிக் கிடக்கும். அப்படியென்றால் உள்ளே வரும் சோறு திறந்த வழியில்தானே போக வேண்டும்? போகாமல் தடுக்க அங்கே ஒரு ஏற்பாடு இருக்கிறது.

ஒரு விரலைக் கழுத்தின் முன்பக்கம் மேடாக இருக்கிற இடத்தில் வைத்து எச்சிலை விழுங்கச் சொல்லுங்கள். அந்த மேடு மேலே எழும்பிக் கீழே இறங்கும். அதுதான் குரல்வளை. அது எழும்பும் அதே நேரத்தில் இலை மாதிரி இருக்கும் குரல்வளை மூடி அதன்மேல் கவிழ்கிறது. உள்ளே குரல் நாண்கள் இரண்டும் ஒட்டிக்கொள்கின்றன. மேலே மென்மையான அண்ணம் தூக்கிக்கொண்டு மூக்குக்குப் போகும் வழியை அடைக்கிறது. இது நடக்கும் ஒரு விநாடிக்கு மூச்சு நின்றுவிடும், நமக்குத் தெரிவதே இல்லை. கடுகு சொல்வதைக் கேளுங்கள்: “மேலே ஒரு கதவு சாத்தியது. முன்னால் ஒரு கதவு சாத்தியது. எனக்கு இருந்தது பின்பக்கத்து வழி ஒன்றுதான். மொழுக்கென்று அதில் விழுந்தேன்.”

பேசுவதற்கும் சிரிப்பதற்கும் காற்று வேண்டும், குரல்வளை திறந்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் ஒரு பருக்கை நழுவினால் முன்பக்கத்து வழியில் போய்விடுகிறது. உடனே வருகிற இருமல் அதை வெளியே தள்ளுகிறது. அதுதான் புரையேறுதல்.

இங்கே பெரியவர்களுக்கு மட்டும் ஒன்று சொல்ல வேண்டும். நாலு ஐந்து வயதுக்குக் கீழே இருக்கும் பிள்ளைக்கு முழு வேர்க்கடலை, முழுத் திராட்சை, பொட்டுக்கடலை கொடுக்காதீர்கள். இருமிக்கொண்டிருக்கும் வரை பிள்ளையை இருமவிடுங்கள், அதைவிடப் பலமாக நாம் தள்ள முடியாது. சத்தமே வராமல், இருமவும் முடியாமல் முகம் நீலம் பாய்ந்தால், முன்னால் குனியவைத்துத் தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து முறை பலமாகத் தட்டுங்கள். பக்கத்தில் இருப்பவரை அதே நேரத்தில் 108-க்கு அழைக்கச் சொல்லுங்கள். இன்னொரு விதமும் உண்டு. கடலை தின்றபோது ஒருமுறை புரையேறி அடங்கிவிடும், ஆனால் அப்புறம் இருமலோ மூச்சில் விசில் சத்தமோ நாள்கணக்கில் விடாது. அப்படியென்றால் அதைச் சளி என்று விட்டுவிடக் கூடாது. கடலைத் துண்டு நுரையீரல் வழியில் தங்கியிருக்கலாம். கடலை தின்ற விவரத்தையும் சேர்த்து மருத்துவரிடம் சொல்லுங்கள்.

தலைகீழா நின்னு சாப்பிட்டா சோறு வாய்க்கே திரும்பி வந்துடுமா?

வராது. சோறு கீழே விழுவதால் இரைப்பைக்குப் போவதில்லை. உணவுக்குழாயின் சுவர் சோற்றுக்குப் பின்னால் சுருங்கி, முன்னால் தளர்ந்து, தள்ளிக்கொண்டே போகிறது. சாயங்காலம் ஆறரை மணிக்குத் தாதரில் ரயில் ஏறியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். நாம் நடக்க வேண்டியதில்லை, பின்னால் இருக்கும் கூட்டமே உள்ளே கொண்டுபோய் விட்டுவிடும். பெரியவர்களுக்கு அந்தக் குழாய் சுமார் 25 சென்டிமீட்டர். உருண்டை அதைக் கடக்கப் பத்து விநாடி போதும்.

இதற்காக யாரும் தலைகீழாக நின்று சாப்பிட்டுப் பார்க்க வேண்டாம். இப்போதுதான் புரையேறுவதைப் பற்றிப் படித்தோம்.

என் பொண்ணு தொப்புளுக்குப் பக்கத்துல ஒரு பலூன் வரைஞ்சு வயிறுன்னு எழுதியிருக்கா. சரியா?

தமிழில் நாம் எல்லாவற்றையும் வயிறு என்று சொல்லிவிடுவதால் வரும் குழப்பம் இது. வயிறு என்பது அந்த முழுப் பகுதி. சோறு போய்ச் சேரும் பை இரைப்பை. அது தொப்புளுக்கு மேலே, இடப்பக்கம், பெரும்பகுதி கீழ் விலா எலும்புகளுக்கு அடியில் இருக்கிறது. நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத்தில் இருக்கும் ஒரு துளை வழியாக உணவுக்குழாய் நெஞ்சிலிருந்து வயிற்றுக்கு இறங்கியதும் இரைப்பை வந்துவிடும். பலூனுக்குப் பதில் ஒரு பெரிய முந்திரிப்பருப்பை வரையச் சொல்லுங்கள், வடிவம் கிட்டத்தட்டச் சரியாக வரும். தொப்புளுக்குப் பின்னால் இருப்பது சிறுகுடல்.

படம் வரையும்போது இன்னொரு இடத்திலும் எல்லாரும் தவறுகிறார்கள். தாளில் இருக்கும் பிள்ளை நம்மைப் பார்த்து நிற்கிறது. அதன் இடப்பக்கம் நமக்கு வலப்பக்கம். தாளின் இரண்டு ஓரத்திலும் “மீனுவின் வலது கை”, “மீனுவின் இடது கை” என்று எழுதிவிட்டுத்தான் நாங்கள் வரைய ஆரம்பிப்போம். அப்புறம் கல்லீரல் இடம் மாறுவதில்லை.

வயித்துல ஆசிட் இருக்குன்னா வயிறே ஏன் கரையலை?

இரைப்பையின் உட்சுவர் கெட்டியான வழவழப்பான சளிப்படலத்தைப் பூசிக்கொண்டிருக்கிறது. அமிலத்தைச் சமன்படுத்தும் உப்பும் அதில் கலந்திருக்கிறது. அதையும் மீறிச் சேதமாகும் மேல்பரப்புச் செல்களுக்குப் பதிலாகச் சில நாளுக்கு ஒருமுறை புதிய செல்கள் வந்துவிடுகின்றன. புரதத்தை வெட்டும் பெப்சினும் கூர் மழுங்கிய நிலையில்தான் சுரக்கிறது. இரைப்பைக்குள் வந்து அமிலம் பட்ட பிறகுதான் அதற்குக் கூர் வருகிறது.

இரைப்பையின் சுவர் மாவு பிசைவதைப் போல இடைவிடாமல் பிசைகிறது. தயிர்சாதம் கூழாகிறது. அடிப்பக்கத்து வாசல் மிகவும் கண்டிப்பானது. ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்கும் பொடியானதை மட்டும், கொஞ்சம் கொஞ்சமாக விடும். பெரிய துண்டு வந்தால் திரும்பப் போய் அரைபட்டு வர வேண்டும். கடுகு சின்னது, அதனால் கூழோடு நழுவிவிடுகிறது.

கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்கு ஒரு நிஜக் கதையும் சொல்வேன். 1822-இல் அமெரிக்காவில் மெக்கினாக் தீவில் அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்ற இளைஞர் மேல் தவறுதலாகத் துப்பாக்கி வெடித்தது. உயிர் பிழைத்தார், ஆனால் காயம் முழுவதும் மூடவில்லை. இரைப்பைக்குள் ஒரு துளை நின்றுவிட்டது. அவருக்கு வைத்தியம் பார்த்த வில்லியம் பியூமாண்ட், பட்டு நூலில் உணவுத் துண்டுகளைக் கட்டி அந்தத் துளை வழியாக உள்ளே விட்டு, மணிக்கு ஒருமுறை வெளியே எடுத்துப் பார்த்தார். இரைப்பை நீரைக் கிண்ணத்தில் எடுத்து வெதுவெதுப்பாக வைத்தபோது, அதிலும் இறைச்சி கரைந்தது. செரிமானம் வெறும் அரைத்தல் மட்டும் இல்லை, வேதிவினையும்தான் என்பதை இந்தச் சோதனைகள் அழுத்தமாகக் காட்டின. 1833-இல் அவர் இதை நூலாக வெளியிட்டார். அந்த இளைஞர் பட்ட சிரமத்தையும் பிள்ளைகளிடம் சொல்லத்தான் வேண்டும். பல வருடம் அவர் தன் உடம்பை அடுத்தவரின் சோதனைக்கு விட்டுக்கொடுத்து வாழ்ந்தார்.

அடுத்த ஸ்டேஷன் கல்லீரலா?

இல்லை. இந்தக் கேள்வி வந்ததற்கு நான்தான் காரணம். முதலில் இந்தக் கதையை லோக்கல் ரயிலாகத்தான் சொன்னேன். மாட்டுங்கா, தாதர், பரேல் என்று வரிசையாக நிலையங்கள் வருவதைப் போல வாய், இரைப்பை, கல்லீரல், கணையம், குடல் என்று சொல்லிவிட்டேன். ஒரு பையன் கையைத் தூக்கி, “சோறு கல்லீரலுக்குள்ள எந்த வழியா போச்சு?” என்று கேட்டான். அப்படி ஒரு வழி கிடையாது. அன்றைக்கே கதையை நிறுத்திவிட்டு, அடுத்த வாரம் திருத்திச் சொன்னேன்.

சரியான படம் இது. சோறு போகும் குழாய் ஒன்றுதான். இரைப்பைக்கு அடுத்து வருவது முன்சிறுகுடல், பெரியவர்களுக்குச் சுமார் 25 சென்டிமீட்டர். அது அரைவட்டமாக வளைந்து கணையத்தின் தலையை அணைத்துக்கொண்டிருக்கிறது. கல்லீரல் மேலே வலப்பக்கம் இருக்கிறது, கணையம் இரைப்பைக்குப் பின்னால் படுத்திருக்கிறது. இரண்டும் குழாய்க்கு வெளியே இருந்தபடி தங்கள் நீரை மட்டும் உள்ளே அனுப்புகின்றன. முன்சிறுகுடலின் உட்சுவரில் முலைக்காம்பு போல ஒரு சிறு மேடு உண்டு. பித்தநீர்க் குழாயும் கணையக் குழாயும் பெரும்பாலானவர்களுக்கு அங்கேதான் சேர்ந்து திறக்கின்றன.

பித்தநீரைத் தயாரிப்பது கல்லீரல். பித்தப்பை அதைச் சேர்த்துவைத்துக் கெட்டியாக்கும் பை மட்டுமே. தயிரின் கொழுப்பு வந்ததும் பித்தப்பை சுருங்கிப் பித்தநீரைப் பீய்ச்சுகிறது. எண்ணெய்ப் பாத்திரத்தில் சோப்பு செய்வதை அது இங்கே செய்கிறது. பெரிய கொழுப்புத் துளி ஆயிரம் பொடித் துளியாகிறது, அவ்வளவுதான். கொழுப்பை உண்மையில் வெட்டுவது கணைய நீரில் இருக்கும் லிப்பேஸ். கணைய நீர் இன்னொரு வேலையும் செய்கிறது. இரைப்பையிலிருந்து புளித்துக்கொண்டு வரும் கூழின் அமிலத்தை அது தணிக்கிறது. சிறுகுடலுக்கு இரைப்பை மாதிரி தடித்த சளிக் கவசம் இல்லை என்பதால் இது இல்லாமல் முடியாது.

கடுகு சொல்கிறது: “ஓரத்தில் ஒரு சின்னக் குழாய். அதிலிருந்து பச்சையும் மஞ்சளுமாய் நீர் சுரந்தது. மேலே இருந்து யாரோ அனுப்புகிறார்கள். அனுப்பியவரை நான் பார்க்கவே இல்லை.”

சிறுகுடலை விரிச்சா ஒரு டென்னிஸ் மைதானம் அளவு வரும்னு பள்ளிக்கூடத்துல சொன்னாங்க. உண்மையா?

பழைய புத்தகங்களில் அப்படித்தான் இருந்தது. 2014-இல் சுவீடன் ஆய்வாளர்கள் இருவர் நுண்ணோக்கியில் அளந்து திருத்தினார்கள். செரிமானக் குழாயின் மொத்த உட்பரப்பு சுமார் 32 சதுர மீட்டர், அதில் மிகப் பெரும்பகுதி சிறுகுடலுடையது. சதுர அடியில் கிட்டத்தட்ட 340. மும்பைப் பிள்ளைகளுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். ஓர் அறையும் சமையலறையும் கொண்ட வீடு இங்கே ஏறக்குறைய அந்த அளவுதான். வகுப்புக்கு வரும் பாதிப் பிள்ளைகள் அப்படிப்பட்ட வீட்டிலிருந்துதான் வருகிறார்கள். “எங்க வீட்டுத் தரை முழுக்க என் வயித்துக்குள்ளயா?” என்று ஒரு சிறுமி சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். அவள் குட்டி, அவளுடையது கொஞ்சம் சின்ன வீடாக இருக்கும்.

ஒரு வீட்டுத் தரை எப்படி வயிற்றுக்குள் அடங்குகிறது என்றால், மடிப்பினால்தான். குடலின் உட்சுவர் முதலில் மடிப்பு மடிப்பாக இருக்கிறது. அந்த மடிப்பின்மேல் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான விரல்கள் நெருக்கமாக நிற்கின்றன. அவைதான் குடலுறிஞ்சிகள். ஒவ்வொரு விரலின் மேலிருக்கும் செல்களிலும் கண்ணுக்குத் தெரியாத இன்னும் பொடியான மயிர்கள். குளியல் துண்டு ஒன்றைக் கையில் கொடுத்து, பூத்துவாலையின் நூல் வளையங்களைத் தடவச் சொன்னால் இது உடனே பிடிபட்டுவிடும்.

இங்கேதான் பயணிகள் இறங்குகிறார்கள். ஒவ்வொரு விரலுக்குள்ளும் மெல்லிய ரத்தக் குழாய்களும் நடுவில் ஒரு நிணநீர்க் குழாயும் இருக்கின்றன. சோறு கடைசியாக வெட்டுப்பட்டு குளுக்கோஸ் ஆகிறது. தயிரின் புரதம் அமினோ அமிலம் ஆகிறது. இரண்டும் ரத்தக் குழாய்க்குள் நுழைந்து, கல்லீரல் வாயிற்சிரை என்னும் பெரிய சிரை வழியாக நேராகக் கல்லீரலுக்குப் போகின்றன. ஆக, அந்தப் பையனுக்குப் பதில் இங்கே கிடைக்கிறது. சோறு கல்லீரலுக்குள் போகவில்லை, சோற்றின் சர்க்கரை போகிறது, அதுவும் ரத்தத்தின் வழியாக.

கொழுப்பின் பாதை வேறு. அதன் பெரும்பகுதி நிணநீர்க் குழாயில் ஏறி, நெஞ்சு வழியாக மேலே போய், இடப்பக்கக் கழுத்தின் அடியில் இருக்கும் சிரையில் ரத்தத்தோடு கலக்கிறது. தயிரின் வெண்ணெய்த் துளி கல்லீரலைத் தொடாமல் கழுத்துக்குப் போகிறது என்றதும் பிள்ளைகள் தங்கள் கழுத்தைத் தொட்டுப் பார்ப்பார்கள்.

கதையில் நான் மெதுவாகச் சொல்லும் இடம் இதுதான். “சோறு போய்வருகிறேன் என்றது. தயிர் போய்வருகிறேன் என்றது. எனக்கு மட்டும் எந்தக் கதவும் திறக்கவில்லை. என் சட்டை தடிப்பு.” பிள்ளைகள் கடுகுக்காகக் கொஞ்சம் வருத்தப்படுவார்கள். வருத்தப்படட்டும்.

அப்புறம் கடுகு என்ன ஆகுது?

மீனுவின் வலது இடுப்புப் பக்கம், கீழே, சிறுகுடல் முடிந்து பெருங்குடல் தொடங்குகிறது. நடுவில் ஒரு வால்வு இருக்கிறது. அதைத் தாண்டியவர்கள் சாதாரணமாகத் திரும்ப முடியாது. அங்கேதான் சுண்டுவிரல் மாதிரி குடல்வால் தொங்குகிறது. கடுகு அதை எட்டிப் பார்த்துவிட்டு மேலே போகிறது. மேலேதான், கீழே இல்லை. பெருங்குடல் வலப்பக்கம் ஏறி, குறுக்கே போய், இடப்பக்கம் இறங்குகிறது. ‘ப’ எழுத்தைக் கவிழ்த்துப் போட்ட மாதிரி. அந்தச் சட்டத்துக்குள் சிறுகுடல் சுருண்டு கிடக்கிறது.

தண்ணீரை உறிஞ்சுவது பெருங்குடல் என்று படித்திருப்போம். உண்மையில் பெரும்பங்கைச் சிறுகுடலே உறிஞ்சிவிடும். பெரியவர்களுக்கு, குடித்த தண்ணீரும் செரிமான நீர்களும் சேர்ந்து ஒரு நாளைக்குச் சுமார் 9 லிட்டர் சிறுகுடலுக்கு வருகிறது. பெருங்குடலுக்கு எஞ்சுவது ஒன்றரை லிட்டர் போல. அதையும் உறிஞ்சியபின் மலத்தோடு போவது ஒரு டம்ளருக்கும் குறைவு. இங்கே கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. நாம் செரிக்க முடியாத நாரில் ஒரு பகுதியை அவை தின்கின்றன. அப்போது வாயு வரும். இதைச் சொன்னதும் வகுப்பில் ஐந்து நிமிடம் சிரிப்பு அடங்காது.

ஆய் ஏன் எப்பவும் ஒரே கலர்?

வயதான சிவப்பணுக்கள் உடையும்போது வரும் நிறப்பொருள் பித்தநீரோடு குடலுக்கு வருகிறது. பெருங்குடல் பாக்டீரியாக்கள் அதை மாற்றும்போது பழுப்பு நிறம் உண்டாகிறது. முன்சிறுகுடலில் கடுகு பார்த்த அந்தப் பச்சை மஞ்சள் நீர்தான் இது. பீட்ரூட் தின்றால் சிவப்பும், கீரை நிறையத் தின்றால் பச்சையும் வருவது சாதாரணம். சுண்ணாம்பு அல்லது வெளுத்த களிமண் நிறத்தில் வந்தால் பித்தநீர் வந்து சேரவில்லை என்று பொருள், மருத்துவரிடம் காட்ட வேண்டும். தின்ற எதனாலும் இல்லாமல் சிவப்பாகவோ, தார் போலக் கறுப்பாகவோ வந்தாலும் அப்படியே.

மொத்தம் எவ்வளவு நேரம் ஆகும்?

ஆளுக்கு ஆள் மாறும், ஒரு நாளிலிருந்து மூன்று நாள் வரை சாதாரணம். எங்கள் கதையில் மீனு ஞாயிறு மத்தியானம் ஒரு மணிக்குச் சாப்பிடுகிறாள். வாயில் ஒரு நிமிடம், உணவுக்குழாயில் பத்து விநாடி. இரைப்பையில் சாயங்காலம் நாலு மணி வரை. ராத்திரி எட்டு மணிக்கு, மீனு அடுத்த சாப்பாட்டுக்கு உட்காரும்போது, கடுகு சிறுகுடலின் கடைசியில் இருக்கிறது. அப்புறம் பெருங்குடலில் திங்கள் முழுவதும் மெல்ல நகர்ந்து, செவ்வாய் காலை ஏழு மணிக்கு வெளியே. மொத்தம் 42 மணி நேரம். நேரத்தில் பெரும்பகுதி கடைசி ஒன்றரை மீட்டரில்தான் போகிறது என்பது பிள்ளைகளுக்கு ஆச்சரியமாக இருக்கும்.

என் பையன் ஸ்கூல்ல போகவே மாட்டேங்கிறான், அடக்கி அடக்கி வெச்சு அழறான். இந்தக் கதையில அதுக்கு ஏதாவது இருக்கா?

இருக்கிறது. அதற்காகவே ஒரு காட்சியைச் சேர்த்தேன். பெருங்குடல் நாள் முழுவதும் மெதுவாகத்தான் அசையும். ஆனால் ஒரு நாளில் சில முறை நீண்ட பெரிய தள்ளல் ஒன்று வரும். அது அதிகமும் வருவது சாப்பிட்ட பிறகு, குறிப்பாகக் காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு. இரைப்பை நிறைந்த செய்தி பெருங்குடலுக்குப் போகிறது, அது இடத்தைக் காலி பண்ணுகிறது. கடுகு அப்போது மலக்குடலுக்கு வந்து சேர்கிறது, மீனுவுக்கு உணர்வு வருகிறது.

அவள் அடக்கினால்? தள்ளல் ஓய்ந்துவிடும், உணர்வும் போய்விடும். மலம் அங்கேயே நிற்கும், தண்ணீர் உறிஞ்சப்பட்டுக்கொண்டே இருக்கும். மறுநாள் அது கெட்டியாகி வலிக்கும். வலித்ததால் இன்னும் அடக்குவாள். இந்தச் சுழல்தான் உங்கள் பையனை அழவைக்கிறது. ஆறரைக்குப் பள்ளிப் பேருந்து என்றால் பல வீடுகளில் பிள்ளை பாலைக் குடித்தவுடன் ஓடுகிறது, அந்தத் தள்ளல் வண்டிக்குள்தான் வருகிறது. பதினைந்து நிமிடம் முன்னதாக எழுப்பி, எதையாவது சாப்பிடவைத்து, அவசரப்படுத்தாமல் ஐந்து பத்து நிமிடம் உட்கார வையுங்கள். வெஸ்டர்ன் டாய்லெட் என்றால் கால் தொங்காமல் ஒரு சின்ன முக்காலி போடுங்கள். கெட்டிப்பட்டு நாள்கணக்கில் ஆகிவிட்டதென்றால் மருத்துவர் தரும் இளக்கி மருந்து முதலில் வேண்டும், கதை பிறகு. உள்ளாடையில் அடிக்கடி லேசாகக் கறை படிந்தால் அதை வயிற்றுப்போக்கு என்று நினைத்துவிடாதீர்கள். உள்ளே கெட்டியாக அடைத்திருப்பதைச் சுற்றிக்கொண்டு தளர்ந்தது கசிவதாக இருக்கலாம்.

கதையில “ஆய்”னு சொல்றதா, “மலம்”னு சொல்றதா?

ஆறு வயதுவரை வீட்டில் சொல்கிற சொல். அதற்கு மேல் மலம் என்றே சொல்கிறேன். உறுப்புகளின் பெயரை மட்டும் முதலிலிருந்தே தமிழில் முழுசாகச் சொல்லிவிடுவேன். இரைப்பை, கணையம், குடல்வால் எல்லாம் ஐந்து வயதுப் பிள்ளை வாயிலும் அழகாக வருகிறது. பள்ளியில் படிக்கும் ஆங்கிலப் பெயரை அவர்களே பக்கத்தில் பொருத்திக்கொள்கிறார்கள்.

கடுகு வயித்துக்குள்ளயே முளைச்சுடாதா ஆன்ட்டி?

முளைக்காது. விதை முளைக்கக் காற்று வேண்டும், ஈரம் வேண்டும், பொறுமையாகச் சில நாள் ஓர் இடத்தில் இருக்கவும் வேண்டும். உன் வயிற்றில் ஈரம் மட்டும்தான் இருக்கிறது. அதோடு இந்தக் கடுகு கொதிக்கும் எண்ணெயில் குளித்துவிட்டு வந்தது. வெடிக்காவிட்டாலும் உள்ளே இருந்த உயிர் அப்போதே போய்விட்டது. வேண்டுமென்றால் தாளிக்காத கடுகு பத்தும் தாளித்த கடுகு பத்தும் ஈரப் பஞ்சில் தனித்தனியாகப் போட்டு ஜன்னலோரம் வைத்துப் பார். மூன்று நாளில் எது முளைக்கிறது என்று வந்து எனக்குச் சொல்.